எந்த அலகில் வெட்டுவது? தேசியத் திறனாய்வுத் தேர்வின் படிநிலைகள் குறித்து ஒரு வரலாற்றுக் குறிப்பு

2022 அக்டோபரில் என்சிஇஆர்டி ஒரு சுருக்கமான அறிவிப்பை வெளியிட்டது. தேசியத் திறனாய்வுத் திட்டத்திற்கான ஒப்புதல் 2021 மார்ச் 31 வரை மட்டுமே இருந்தது என்றும், தற்போதுள்ள வடிவில் அதனைத் தொடர ஒப்புதல் கிடைக்கவில்லை என்றும், மறு உத்தரவு வரும்வரை திட்டம் நிறுத்திவைக்கப்படுகிறது என்றும் அது தெரிவித்தது. ஏறத்தாழ அறுபது ஆண்டுகள் நடந்த ஒரு தேர்வு இவ்வாறு ஓரிரு வாக்கியங்களில் நின்றது. அப்போது எழுந்த பேச்சு பெரும்பாலும் உதவித்தொகையின் இழப்பைப் பற்றியதாக இருந்தது. அத்தேர்வு எவ்வாறு அமைக்கப்பட்டிருந்தது, பள்ளியிலிருந்து தேசிய நிலை வரை அதன் படிகள் எங்கெங்கே மாணவரை நிறுத்தின என்பது அதிகம் பேசப்படவில்லை. ஒரு போட்டித் தேர்வு யாரைத் தேர்ந்தெடுக்கும் என்பதை வினாத்தாளைக் காட்டிலும் அதிகமாகத் தீர்மானிப்பது, தரவரிசை எந்த நில அலகிற்குள் போடப்படுகிறது என்பதுதான் என்று நான் கருதுகிறேன். நாடு முழுவதற்கும் ஒரே பட்டியலா, மாநிலத்திற்கு ஒன்றா, மாவட்டத்திற்கு ஒன்றா, ஊராட்சி ஒன்றியத்திற்கு ஒன்றா? இந்த நான்கு விடைகளையும் இந்தியா வெவ்வேறு காலங்களில் சோதித்துப் பார்த்திருக்கிறது.

தொடக்கத்தில் இருந்தது ஒரே பட்டியல். 1961இல் நிறுவப்பட்ட என்சிஇஆர்டி, 1963இல் தில்லியில் மட்டும் பத்து உதவித்தொகைகளுடன் தேசிய அறிவியல் திறனாய்வுத் திட்டத்தைத் தொடங்கியது. மறு ஆண்டே அது எல்லா மாநிலங்களுக்கும் விரிவுபடுத்தப்பட்டு, உதவித்தொகைகளின் எண்ணிக்கை 350 ஆயிற்று. அக்காலத்தின் பதினோராம் வகுப்பு மாணவர்களுக்கான தேர்வு அது. எழுத்துத் தேர்வில் அறிவியல் நாட்டத்தைச் சோதிக்கும் பகுதியும், கொடுக்கப்பட்ட அறிவியல் பொருள் பற்றிய கட்டுரையும் இருந்தன. அதனுடன் மாணவர் தாமே செய்த ஆய்வுப்பணி பற்றிய அறிக்கை ஒன்றும் தரவேண்டும். இவற்றில் தேறியோர் நேர்காணலுக்கு அழைக்கப்பட்டனர். தேர்வு பெற்றவர் அடிப்படை அறிவியலிலேயே தொடர்ந்து படிக்கவேண்டும். அப்படிப் படித்தால் முனைவர் பட்டம் வரை உதவி கிடைக்கும்.

இத்திட்டத்தின் நோக்கில் ஒரு தெளிவு இருந்தது. நாட்டிற்கு அறிவியலாளர்கள் தேவை. அவர்களை இளமையிலேயே அடையாளம் காணவேண்டும். ஆனால் கட்டுரையும் ஆய்வறிக்கையும் நேர்காணலும் சேர்ந்து எதை அளந்தன என்பது வேறு கேள்வி. பதினோராம் வகுப்பில் ஓர் ஆய்வுப்பணியைச் செய்துமுடிக்க ஆய்வகமும், வழிகாட்ட நேரமுள்ள ஆசிரியரும் வேண்டும். அவை எல்லாப் பள்ளிகளிலும் இருக்கவில்லை. நாடு முழுவதற்கும் ஒரே பட்டியல் என்பது பார்வைக்கு மிகவும் நடுநிலையானது. ஆனால் அத்தகைய பட்டியலில் பெருநகரப் பள்ளிகளின் மாணவர்கள் முன்னிற்பதற்கு யாரும் பாரபட்சம் காட்டவேண்டிய தேவையே இல்லை.

இந்தச் சிக்கலை மைய அரசு அறியாமல் இல்லை என்பதற்கு 1971–72இல் தொடங்கிய மற்றொரு திட்டம் சான்று. ஊரகப் பகுதிகளின் திறன்மிக்க சிறுவர்களுக்கான உயர்நிலைக் கல்வி உதவித்தொகைத் திட்டம் அது. அதன் சிறப்பு, உதவித்தொகைகளை நாட்டிற்கோ மாநிலத்திற்கோ ஒதுக்காமல் சமுதாய வளர்ச்சி ஒன்றியத்திற்கு இத்தனை என்று ஒதுக்கியதில் இருந்தது. ஓர் ஒன்றியத்து மாணவர் அவ்வொன்றியத்தின் பிற மாணவர்களோடு மட்டுமே போட்டியிட்டார். மாநிலத் தலைநகரிலுள்ள பள்ளியின் நிழல் அந்தப் பட்டியலில் விழவில்லை. ஆக, எழுபதுகளின் தொடக்கத்தில் இரண்டு கொள்கைகள் அருகருகே இயங்கின. ஒன்று ‘நாட்டிலேயே சிறந்தவர் யார்’ என்று கேட்டது. மற்றொன்று ‘இவ்வொன்றியத்தில் சிறந்தவர் யார்’ என்று கேட்டது. இரண்டிற்கும் பெயர் ‘திறன்’ என்பதுதான்.

1976இல் 10+2+3 கல்விமுறை நடைமுறைக்கு வந்ததையொட்டி அறிவியல் திறனாய்வு, பொதுவான தேசியத் திறனாய்வுத் திட்டமாக மாறியது. சமூக அறிவியல், பொறியியல், மருத்துவம் ஆகியனவும் சேர்க்கப்பட்டன. பத்து, பதினொன்று, பன்னிரண்டு ஆகிய மூன்று வகுப்பு மாணவர்களும் எழுதலாம்; உதவித்தொகைகள் 500 ஆயின. கட்டுரையும் ஆய்வறிக்கையும் போயின. அவற்றின் இடத்தில், கொடுத்த விடைகளுள் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் இரண்டு தாள்கள் வந்தன: மனத்திறன் தேர்வு ஒன்று, பாட அறிவைச் சோதிக்கும் படிப்பறிவுத் தேர்வு மற்றொன்று. நேர்காணல் மட்டும் நீடித்து, பிற்காலத்தில் அதுவும் கைவிடப்பட்டது. 1981இல் எண்ணிக்கை 550 ஆகவும், 1983இல் 750 ஆகவும் உயர்ந்தது. அவ்வாண்டில் பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்களுக்கெனக் கூடுதலாக 70 உதவித்தொகைகள் சேர்க்கப்பட்டன.

உண்மையான திருப்பம் 1985. அதுவரை என்சிஇஆர்டி நேரடியாக நடத்திய தேர்வு, பத்தாம் வகுப்பிற்கு மட்டும் என வரையறுக்கப்பட்டு, இரண்டு நிலைகளாகப் பிரிக்கப்பட்டது. முதல் நிலையை மாநிலங்களும் ஒன்றியப் பகுதிகளும் தாமே நடத்தி, தமக்கு ஒதுக்கப்பட்ட எண்ணிக்கையில் மாணவர்களைப் பரிந்துரைக்கவேண்டும். அவர்களுக்கு மட்டும் இரண்டாம் நிலைத் தேர்வை என்சிஇஆர்டி நடத்தும். ஆவணங்கள் இதனைப் ‘பகுதிப் பரவலாக்கம்’ என்கின்றன. ‘பகுதி’ என்ற அடைமொழி மிகவும் பொருத்தமானது; எந்தப் பகுதி பரவலாக்கப்பட்டது, எது மையத்திலேயே நின்றது என்பதை இனிக் காண்போம்.

வெளியிலிருந்து பார்ப்போர்க்கு இத்தேர்வு பள்ளி, மாவட்டம், மாநிலம், தேசம் என்று நான்கு படிகள் கொண்ட ஏணியாகத் தோன்றும். விண்ணப்பம் அந்த நான்கு கைகளின் வழியாகத்தான் சென்றது. பள்ளித் தலைமையாசிரியர் விண்ணப்பத்தில் சான்றளித்து அனுப்புவார். மாவட்டக் கல்வி அலுவலகம் தேர்வு மையங்களையும் வினாத்தாள் கட்டுகளையும் கவனிக்கும். மாநிலத்தில் தொடர்பு அலுவலர் ஒருவர் பொறுப்பேற்பார். தமிழ்நாட்டில் அரசுத் தேர்வுகள் இயக்ககம் இதனை நடத்தியது. ஆனால் மதிப்பெண் அடிப்படையில் மாணவர் கழிக்கப்பட்டது மாநிலம், தேசம் என்ற இரண்டு இடங்களில் மட்டுமே. மாவட்டத்திற்கென்று தரவரிசை எதுவும் கிடையாது. அது தாள்களைக் கொண்டுசேர்க்கும் வழி மட்டுமே.

பள்ளியோ இதற்கு நேர்மாறு. அங்கே தேர்வு எதுவும் நடைபெறுவதில்லை. ஆயினும் மிகப் பெரிய கழிவு அங்கேதான் நிகழ்ந்தது. விண்ணப்பத்தின் கடைசி நாள் வகுப்பில் அறிவிக்கப்பட்டதா, கட்டணத்தை யார் கட்டினார், தலைமையாசிரியர் எத்தனை பேருக்குக் கையொப்பமிட்டார் என்பவையே அந்தக் கழிவைத் தீர்மானித்தன. மாநில நிலையில் தோற்றவருக்கு மதிப்பெண்ணாவது உண்டு. விண்ணப்பமே போகாத மாணவருக்கு எந்தப் பதிவும் இல்லை. தேர்வு பற்றிய புள்ளிவிவரங்கள் எல்லாம் எழுதியோரிலிருந்தே தொடங்குவதால், இந்த முதல் வடிகட்டல் ஆய்வாளரின் கண்ணிலும் படுவதில்லை. ஒரு மாவட்டத்தில் எத்தனை உயர்நிலைப் பள்ளிகளிலிருந்து ஒருவர்கூட விண்ணப்பிக்கவில்லை என்று எண்ணிப்பார்த்தால் இதனை ஓரளவு அளக்கலாம். தேர்ச்சி விழுக்காட்டைக் காட்டிலும் அந்த எண் அதிகம் சொல்லும்.

மாநில ஒதுக்கீட்டின் கணக்கிற்கு வருவோம். ஒவ்வொரு மாநிலமும் எத்தனை பேரைப் பரிந்துரைக்கலாம் என்பது, அம்மாநிலத்தில் ஒன்பது, பத்தாம் வகுப்புகளில் பயிலும் மாணவர் தொகைக்கு விகிதமாக வரையறுக்கப்பட்டது. சிறிய ஒன்றியப் பகுதிகளுக்குக் குறைந்தபட்சம் 10 என்ற காப்பு இருந்தது. விளக்கத்திற்காக எளிய எண்களை எடுத்துக்கொள்வோம். இவை என் கற்பனை எண்களே. நாடு முழுவதும் அவ்விரு வகுப்புகளில் 3 கோடி மாணவர். பரிந்துரைக்க வேண்டியவர் 4,000 பேர். அப்படியானால் 7,500 மாணவருக்கு ஓரிடம். 15 லட்சம் மாணவர் கொண்ட மாநிலத்திற்கு 200 இடங்கள் கிடைக்கும். 15,000 மாணவரே உள்ள தீவுப் பகுதிக்கு விகிதப்படி இரண்டு இடங்கள்தான் வரும். காப்பு விதியால் அது பத்தாகும். இதுவரை கணக்கு நியாயமாகவே தெரிகிறது.

இப்போது 200 இடங்கள் பெற்ற இரண்டு மாநிலங்களை எண்ணிப்பாருங்கள். முதல் மாநிலத்தில் பயிற்சி மையங்கள் பெருகியுள்ளன. ஒரு லட்சம் பேர் எழுதுகின்றனர். இரண்டாவதில் 20,000 பேர்தான் எழுதுகின்றனர். ஒதுக்கீடு பயில்வோர் தொகையைப் பொறுத்ததேயன்றி எழுதுவோர் தொகையைப் பொறுத்ததன்று. ஆகவே முதல் மாநிலத்தில் ஐந்நூற்றில் ஒருவரும், இரண்டாவதில் நூற்றில் ஒருவரும் அடுத்த நிலைக்குச் செல்வர். முதல் மாநிலத்தில் 200க்கு 150 எடுத்தும் ஒருவர் வெளியேறுவார். இரண்டாவதில் 120 எடுத்தவர் உள்ளே வருவார். அந்த 150ஐயும் 120ஐயும் ஒப்பிடவும் இயலாது. ஏனெனில் முதல் நிலை வினாத்தாளை ஒவ்வொரு மாநிலமும் தனித்தனியே தயாரித்தது. ஆண்டுதோறும் இணையத்தில் ‘இந்த மாநிலத்தின் கட்-ஆஃப் குறைவு, அந்த மாநிலத்தினுடையது அதிகம்’ என்று நடந்த விவாதங்களில் பெரும்பகுதி இவ்வொரு காரணத்தாலேயே பொருளற்றவை. தேர்வு நாளும்கூட ஒன்றாக இருக்கவில்லை. நவம்பரின் ஒரு ஞாயிற்றுக்கிழமை பெரும்பாலான மாநிலங்களில் நடக்கும். மிசோரம், மேகாலயா, நாகாலாந்து போன்றவற்றில் முந்தைய நாளான சனிக்கிழமையே நடந்துவிடும். ஞாயிறு வழிபாட்டு நாளாக இருக்கும் இடத்தில் தேர்வுக்கூடத்தைத் திறக்க முடியாது என்பதை மையக் கால அட்டவணை ஏற்றுக்கொண்டது, பரவலாக்கத்தின் சிறிய, ஆனால் நல்ல விளைவு.

மாநில எல்லை எப்படி நிர்ணயிக்கப்பட்டது என்பதும் கவனிக்கத்தக்கது. மாணவர் எந்த மாநிலத்தைச் சேர்ந்தவர் என்பதைப் பூர்வீகம் தீர்மானிக்கவில்லை. பள்ளி இருக்கும் இடம் தீர்மானித்தது. மத்திய வாரியப் பள்ளியில் படிப்பவரும் தம் பள்ளி அமைந்துள்ள மாநிலத்தின் ஒதுக்கீட்டிலேயே போட்டியிட்டார். எனவே பயிற்சிக்காக வெளி மாநிலத்திலிருந்து இடம்பெயர்ந்து ஓர் ஊரில் சேர்ந்த மாணவர் அங்குள்ள ஒதுக்கீட்டை நெருக்கினார்; அவர் விட்டுவந்த மாநிலத்தின் ஒதுக்கீடு அந்த அளவிற்குத் தளர்ந்தது. ராஜஸ்தானின் கோட்டா போன்ற ஊர்கள் வளர்ந்த பின்னர், பயில்வோர் தொகையை மட்டும் வைத்துப் போட்ட கணக்கு இந்த நகர்வைப் பிடிக்கும் வகையில் அமையவில்லை.

இரண்டாம் நிலைக்கு வந்தால், 1985இல் பரவலாக்கப்படாத பகுதி எது என்பது புலப்படும். அங்கே மாநில ஒதுக்கீடு கிடையாது. எல்லா மாநிலங்களின் பரிந்துரையாளரும் ஒரே தாளை எழுதி, ஒரே தேசியப் பட்டியலில் நின்றனர். 2000ஆம் ஆண்டில் உதவித்தொகைகள் 1,000 ஆனபோது பட்டியல் சாதியினர்க்கு 15 விழுக்காடும் பழங்குடியினர்க்கு 7.5 விழுக்காடும் மாற்றுத்திறனாளிகளுக்கு 3 விழுக்காடும் ஒதுக்கப்பட்டன. மாநிலத்திற்கென எதுவும் இல்லை. ஆக மாநில ஒதுக்கீடு அளித்தது தேர்வுக்கூடத்தில் அமரும் உரிமையை மட்டுமே. மேலே சொன்ன தீவுப் பகுதியின் பத்துப் பேரும் அமரலாம். பத்துப் பேரும் வெறுங்கையோடு திரும்பலாம். 1964இன் ஒற்றைப் பட்டியல் மறைந்துவிடவில்லை; ஒரு படி மேலே ஏறி நின்றுகொண்டது.

இரண்டு நிலைகளுக்கும் இடையே விதிகளும் மாறின. மாநில நிலையில் தவறான விடைக்கு மதிப்பெண் குறைக்கப்படுவதில்லை. தேசிய நிலையில் சில ஆண்டுகள் ஒவ்வொரு தவறுக்கும் மூன்றில் ஒரு பங்கு குறைக்கப்பட்டது. நூறு வினாக்களில் அறுபதிற்கு விடை தெரிந்த மாணவர் மீதி நாற்பதையும் ஊகித்து நிரப்பினால், நான்கில் ஒன்று வீதம் சராசரியாகப் பத்து சரியாகும். மாநில நிலையில் அவர் மதிப்பெண் 70. தேசிய நிலையில் அந்தப் பத்தை, தவறிய முப்பதிற்கான கழிவு அப்படியே விழுங்கிவிடும்; மதிப்பெண் 60. முதல் நிலையில் எல்லா வட்டங்களையும் நிரப்பு என்று சரியாகவே கற்பிக்கப்பட்ட மாணவர், இரண்டாம் நிலையில் எதை விடவேண்டும் என்று கற்றிருக்கவேண்டும். அதனைச் சொல்லித்தர ஒருவர் வேண்டும். அந்த ஒருவர் எந்த ஊர்களில் கிடைத்தார் என்பது ஊகிக்க முடியாததன்று.

மொழியைப் பற்றியும் சிறிது சொல்லாமல் கடக்க மனமில்லை. தேசிய நிலைத் தாள்கள் தமிழ் உள்ளிட்ட பல இந்திய மொழிகளில் கிடைத்தன. படிப்பறிவுத் தாளை மொழிபெயர்ப்பதில் கலைச்சொல் சிக்கல் மட்டுமே; பாடநூல் கையிலிருந்தால் அது தீரும். மனத்திறன் தாளின் நிலை வேறு. எழுத்து வரிசை, குறியீடாக்கம் முதலிய வினாக்கள் ‘அடுத்த எழுத்து’ என்ற கருத்தின் மேல் நிற்பவை. இருபத்தாறு எழுத்துகள் ஒற்றைக் கோட்டில் நிற்கும் ரோமன் வரிசைக்கு அது இயல்பானது. தமிழில் ‘க’வுக்கு அடுத்தது ‘கா’வா, ‘ங’வா? இரண்டும் சரியே, எழுத்தட்டவணையில் குறுக்கே செல்கிறோமா, கீழே இறங்குகிறோமா என்பதைப் பொறுத்தது. எனவே தமிழ்த் தாளிலும் அத்தகைய வினாக்கள் பெரும்பாலும் ரோமன் எழுத்துகளிலேயே நின்றன. மொழி சாராத திறனைச் சோதிப்பதாகச் சொல்லப்பட்ட தாளில், ரோமன் எழுத்துகளின் வரிசை எண்களை மனப்பாடமாக வைத்திருப்பது ஒரு மறைமுகத் தகுதியாயிற்று. 2010களின் நடுப்பகுதியில் சில ஆண்டுகள் மொழித்தாள் ஒன்றும் சேர்க்கப்பட்டது. தேசிய நிலையில் அது ஆங்கிலம் அல்லது இந்தி. அம்மதிப்பெண் தரவரிசையில் சேராது. ஆனால் பொதுப் பிரிவினர் 40 விழுக்காடு பெற்றே ஆகவேண்டும். தமிழிலோ ஒடியாவிலோ பிற தாள்களைச் சிறப்பாக எழுதிய மாணவரை, தரவரிசையில் சேராத அத்தாள் வெளியேற்ற முடிந்தது. பின்னர் அது நீக்கப்பட்டது நல்லதே.

மாவட்டத்தை அலகாகக் கொண்டால் என்ன ஆகும் என்பதற்கு விடை தேடத் தொலைதூரம் செல்லவேண்டியதில்லை. தமிழ்நாட்டின் ஊரகத் திறனாய்வுத் தேர்வு ஒன்பதாம் வகுப்பு ஊரக மாணவர்க்காக நடத்தப்படுவது. மாவட்டத்திற்கு 50 மாணவர், 50 மாணவியர் என நூறு பேர் தேர்ந்தெடுக்கப்படுவர். தலைநகர்ப் பயிற்சி நிலையம் எவ்வளவு வளர்ந்தாலும் மற்றொரு மாவட்டத்தின் நூறு இடங்களைத் தொடமுடியாது. நில அடிப்படையிலான நியாயத்தை இதைவிட உறுதியாகத் தரும் அமைப்பு அரிது. ஆனால் தொகையைப் பாருங்கள். ஆண்டுக்கு 1,000 ரூபாய் வீதம் பன்னிரண்டாம் வகுப்பு முடிய நான்கு ஆண்டுகளுக்கு 4,000 ரூபாய். தேசியத் திறனாய்வில் வென்றவர்க்குப் பதினொன்று, பன்னிரண்டாம் வகுப்புகளில் மட்டும் மாதம் 1,250 ரூபாய் வீதம் 30,000 ரூபாய் கிடைத்தது. கல்லூரியில் மாதம் 2,000 ரூபாயாக அது தொடர்ந்தது. அலகு சிறிதாகச் சிறிதாகப் பரிசும் சிறுத்துக்கொண்டே போவது தற்செயலா? ஒரு நிதி ஒதுக்கீட்டைப் பல இடங்களுக்குப் பகிர்வதால் மட்டும் இது விளைவதாக நான் கருதவில்லை. தேசியப் பட்டியலில் வந்தவரே ‘உண்மையான’ திறனாளர், மாவட்டப் பட்டியலில் வந்தவர் ஊக்கப்படுத்தத்தக்கவர் என்ற தரப்பிரிவு ஒன்று எழுபதுகளிலிருந்தே நம் கொள்கை மொழிக்குள் இருக்கிறது.

2006 முதல் சில ஆண்டுகள் தேர்வு எட்டாம் வகுப்பிற்கு இறக்கப்பட்டு, 2012 வாக்கில் மீண்டும் பத்தாம் வகுப்பிற்கு ஏறியது. 2019இல் உதவித்தொகைகள் 2,000 ஆயின. எண்ணிக்கையும் வகுப்பும் மாறினவேயன்றி 1985இன் இரட்டை அமைப்பு மாறவில்லை. இடையில், 2008இல் தொடங்கிய தேசிய வருவாய்வழித் திறன் உதவித்தொகைத் திட்டம் வேறொரு வழியை எடுத்தது. எட்டாம் வகுப்பு அரசுப்பள்ளி, அரசு உதவிபெறும் பள்ளி மாணவர்க்கு, குடும்ப வருவாய் வரம்புடன், ஆண்டுக்கு ஒரு லட்சம் உதவித்தொகைகள். மாநிலங்களுக்குப் பகிர்ந்தளிக்கப்பட்ட அவ்விடங்களை மாநிலத் தேர்வே நிரப்பிவிடும். அதற்கு மேல் இரண்டாம் நிலைத் தேர்வு இல்லை. இங்கே மாநில ஒதுக்கீட்டில் இடம்பெற்றவர் உதவித்தொகையையே பெறுகிறார். இன்றும் அது நடைபெற்று வருகிறது.

தேசியத் திறனாய்வு மீண்டும் தொடங்கப்படுமானால், எத்தனை பேருக்கு, எவ்வளவு தொகை என்பதே முதலில் விவாதிக்கப்படும். இரண்டாம் நிலைப் பட்டியலில் மாவட்டங்கள் எவ்வாறு இடம்பெற்றன என்பதை அறிய வேண்டிய முதல் நிலை விவரங்கள் மாநிலத் தேர்வு அலுவலகங்களில் சிதறிக் கிடக்கின்றன. கல்வியியல் துறையில் ஆய்வுத் தலைப்புத் தேடும் மாணவர் எவரேனும் ஒரே ஒரு மாநிலத்தின் பத்தாண்டு மையவாரிப் பட்டியல்களைத் திரட்டினாலும், எந்தப் பள்ளிகளிலிருந்து விண்ணப்பமே வரவில்லை என்ற கணக்கிலிருந்து தொடங்கலாம்.